இரண்டாம் சனி எந்தத் தேதி?

இந்தியாவில் 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. காசோலை போடுவது, சம்பளம் அனுப்புவது என்று வருடம் முழுமைக்கும் எக்செலில் அட்டவணை தயாரிப்பவர்கள் இந்தத் தேதிகளைக் காலண்டர் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு கழித்தல் போதும்.

முதல் சனி 1ஆம் தேதிக்கும் 7ஆம் தேதிக்கும் இடையில்தான் வரும். ஆகவே இரண்டாம் சனி 8 முதல் 14க்குள் அடங்கிவிடும். அந்த ஏழில் எது என்பதை, மாதம் என்ன கிழமையில் பிறக்கிறது என்பது முடிவு செய்கிறது. எக்செலின் WEEKDAY ஞாயிறுக்கு 1, திங்களுக்கு 2 என்று எண் கொடுத்து, சனிக்கு 7 கொடுக்கும். A2 கட்டத்தில் மாதத்தின் முதல் தேதி இருந்தால் சூத்திரம் இதுதான்:

```
=A2+14-WEEKDAY(A2)
```

2026 ஆகஸ்ட் 1 சனிக்கிழமை. 1+14-7 என்றால் 8; அந்த மாதத்தின் இரண்டாம் சனி ஆகஸ்ட் 8. நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. 1+14-1 என்றால் 14. இரண்டு எல்லைகளும் சரியாக வருவதால் இடையில் உள்ள கிழமைகளுக்கும் நம்பி எழுதலாம். கூகுள் ஷீட்ஸிலும் இதே சூத்திரம் வேலை செய்யும்.

விடை 46242 என்று வந்தால் பதற வேண்டாம். எக்செல் தேதியை நாள் கணக்காகவே வைத்திருக்கிறது. கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் ஆகஸ்ட் 8 தெரியும். விடை ஞாயிற்றுக்கிழமையாக வந்தால், WEEKDAY(A2,2) என்று எழுதியிருப்பீர்கள். அந்த 2 திங்களிலிருந்து எண்ணச் சொல்வதால் சனியின் எண் 6 ஆகிவிடும்.

கண்ணில் படாமல் போகும் பிழை வேறு. 01/08/2026 என்று தட்டினால், அமெரிக்க முறையில் அமைந்த கணினி அதை ஜனவரி 8 என்று எடுத்துக்கொள்ளும். விடை ஜனவரி 17. அதுவும் சனிக்கிழமைதான், ஆனால் மூன்றாவது. இந்தக் குழப்பம் வராமலிருக்க முதல் தேதியை இப்படி எழுதுங்கள்:

```
=DATE(2026,8,1)
```

நான்காம் சனிக்கு 14க்குப் பதில் 28 போட்டால் போதும். ‘கடைசிச் சனி’ என்று கணக்கிடக் கூடாது. 2026 ஆகஸ்டில் ஐந்து சனிகள். நான்காவது 22, கடைசி 29. விடுமுறை 22ஆம் தேதிக்குத்தான். ஐந்தாம் சனி இந்த விதியில் சேராது.