ஒரு சொட்டில் எத்தனை ஈஸ்ட்?

1 கிராம் உலர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மொத்தம் 100 மில்லிலிட்டர் வரும்படி நீர் சேர்த்தால், மோர் போன்ற மங்கலான திரவம் ஒன்று கிடைக்கும். அதன் ஒரு மில்லிலிட்டரில் பல கோடி ஈஸ்ட் செல்கள் மிதக்கின்றன. ஒன்று விடாமல் எண்ணுவது நடக்காத காரியம். ஆனால் அளவு தெரிந்த மிகச் சிறிய ஓர் இடத்தில் இருப்பவற்றை மட்டும் எண்ணினால், மீதியைப் பெருக்கல் பார்த்துக்கொள்ளும். அந்தச் சிறிய இடத்தைத் தருவதுதான் ஹீமோசைட்டோமீட்டர். இரத்த அணுக்களை எண்ணப் பிறந்த இந்தத் தடித்த கண்ணாடிச் சில்லு, பிறகு ஈஸ்ட் ஆய்வகங்களிலும் நிலைத்துவிட்டது.

சில்லின் நடுவே மெருகேற்றிய மேடை ஒன்று உண்டு. அதன் இருபுறமும் உள்ள விளிம்புகள் மேடையைவிடச் சரியாக 0.1 மில்லிமீட்டர் உயரமானவை. அந்த விளிம்புகளின் மேல் தட்டையான மூடுகண்ணாடியை வைத்தால், மேடைக்கும் கண்ணாடிக்கும் இடையே 0.1 மி.மீ. ஆழமுள்ள இடைவெளி உண்டாகிறது. மேடையில் நுண்ணிய கோடுகளால் கட்டங்கள் பொறித்திருப்பார்கள். பரவலாகப் புழங்கும் நியூபாவர் வகையில், ஈஸ்ட் எண்ணுவதற்கு நடுவிலுள்ள 1 மி.மீ. சதுரமே போதும். அது 25 நடுத்தரக் கட்டங்களாகவும், ஒவ்வொரு நடுத்தரக் கட்டமும் 16 சிறு கட்டங்களாகவும் பிரிந்திருக்கும். ஆக மொத்தம் 400 சிறு கட்டங்கள்.

கணக்கின் அடித்தளம் இந்த அளவுகள்தான். 1 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. ஆழம்: நடுச் சதுரத்தின் மேல் நிற்கும் திரவம் 0.1 கன மில்லிமீட்டர். அப்படிப் பத்தாயிரம் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். எனவே நடுச் சதுரம் முழுவதிலும் உள்ள செல்களை எண்ணி 10,000 ஆல் பெருக்கினால், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை செல்கள் என்பது வந்துவிடும்.

மோர் போன்ற அந்தத் திரவத்தை அப்படியே விட்டால், செல்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி எண்ணவே முடியாது. அதனால் முதலில் நீர்க்க வேண்டும். குடுவையை நன்றாகக் குலுக்கி, செல்கள் அடியில் தங்கும் முன்பே 1 மி.லி. எடுத்து, 4 மி.லி. நீருடன் கலக்கலாம். இது ஐந்து மடங்கு நீர்ப்பு. பிறகு அதில் ஒரு பங்குக்குச் சம பங்கு மெத்திலீன் நீலச் சாயக் கரைசலைச் சேர்த்தால் இன்னும் இரண்டு மடங்கு. மொத்தம் பத்து மடங்கு. சாயத்தையும் நீர்ப்பில் சேர்த்துக்கொள்ள மறந்தால், கடைசி விடை பாதியாகிவிடும்.

சாயம் எதற்கு? உயிருள்ள ஈஸ்ட் செல், உள்ளே வரும் மெத்திலீன் நீலத்தின் நிறத்தைப் போக்கிவிடும். இறந்த செல்லால் அது முடியாது. ஆகவே இறந்தவை நீலமாகவும் உயிருள்ளவை நிறமற்றும் தெரியும். சாயத்தில் நெடுநேரம் ஊறினால் உயிருள்ளவையும் நலிந்து நீலமாகத் தொடங்கும். அதனால் கலந்த சில நிமிடங்களுக்குள் எண்ணி முடிப்பது நல்லது.

அடுத்து மூடுகண்ணாடி. சாதாரண மெல்லிய கவர் ஸ்லிப் இங்கே உதவாது. திரவத்தின் பரப்பு இழுவிசையில் அது வளைந்து, 0.1 மி.மீ. என்ற ஆழம் மாறிவிடும். இதற்கென்றே உள்ள தடித்த கண்ணாடியை விளிம்புகளில் வைத்து மெல்ல அழுத்தினால், தொடும் இடங்களில் வானவில் நிறத்தில் வளையங்கள் தோன்றும். அவற்றை நியூட்டன் வளையங்கள் என்பார்கள். அவை தெரிந்தால் கண்ணாடி சரியாகப் பொருந்திவிட்டது என்று பொருள். தூசோ பழைய கறையோ இருந்தால் வளையங்கள் வராது. துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும்.

கண்ணாடியை வைத்த பிறகுதான் திரவம். பிப்பெட்டின் முனையைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்தால் சுமார் 10 மைக்ரோலிட்டர் தானாகவே உள்ளே ஊறி மேடையை நிரப்பும். கூடுதலாக விட்டால் அது பக்கத்துப் பள்ளத்தில் வழிந்து, கண்ணாடியையும் சற்றே தூக்கிவிடும். ஆழம் கூடினால், ஒவ்வொரு கட்டத்தின் மேலும் நிற்கும் திரவம் கூடும். எண்ணிக்கையும் உண்மையைவிடக் கூடும். குமிழி இருந்தால் நேர்மாறாக எண்ணிக்கை குறையும். இரண்டில் எது நேர்ந்தாலும் கணக்கால் அதைச் சரிசெய்ய முடியாது. சில்லைக் கழுவித் துடைத்து மீண்டும் நிரப்புவதே வழி.

சில நிமிடம் அசைக்காமல் விட்டால் செல்கள் மேடையில் படிந்து, ஒரே குவியத்தில் தெரியும். 400 மடங்கு பெரிதாக்கினால் ஒரு நடுத்தரக் கட்டம் கண்ணுக்கு வசதியாக அமையும். நடுச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் மையத்திலும் உள்ள ஐந்து நடுத்தரக் கட்டங்களை எண்ணுவது வழக்கம். கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் செல்லை என்ன செய்வது? மேல் கோட்டையும் இடக் கோட்டையும் தொடுபவை கணக்கில் வரும். கீழ்க் கோட்டையும் வலக் கோட்டையும் தொடுபவை வராது. அப்படிச் செய்தால்தான் ஒரே செல்லைப் பக்கத்துக் கட்டத்திலும் மீண்டும் எண்ணாமல் இருப்போம். ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகும் உயிர் என்பதால் இன்னொரு விதியும் தேவை. மொட்டு, தாய்ச் செல்லில் பாதி அளவுக்கு வளர்ந்திருந்தால் தனிச் செல். அதைவிடச் சிறிதாக இருந்தால் தாயோடு சேர்த்து ஒன்று. எந்த விதியை எடுத்தாலும் தொடக்கம் முதல் கடைசி வரை அதையே பின்பற்ற வேண்டும்.

நாம் எடுத்த கலவையில் ஐந்து கட்டங்களில் 41, 36, 47, 33, 49 செல்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 206, சராசரி 41.2. நடுச் சதுரத்தில் அப்படி 25 கட்டங்கள், மில்லிலிட்டருக்கு மாற்ற 10,000, நீர்ப்புக்குப் பத்து.

41.2 × 25 × 10,000 × 10 = 10,30,00,000

முதலில் கலக்கிய திரவத்தின் ஒரு மில்லிலிட்டரில் 10 கோடியே 30 லட்சம் செல்கள். 206-இல் 17 நீலமாக இருந்தால், உயிருள்ளவை 189. நூற்றுக்கு 92, அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி.

ஆனால் இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? ஒரே திரவம், ஒரே அளவுள்ள கட்டங்கள்; அப்படியும் ஒன்றில் 33, இன்னொன்றில் 49. முதலாவதை மட்டும் எண்ணியிருந்தால் எட்டே கால் கோடி என்போம். இரண்டாவதை மட்டும் எண்ணியிருந்தால் பன்னிரண்டே கால் கோடி என்போம். எண்ணியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த வேறுபாடு போகாது. ஓடு பதித்த முற்றத்தில் தூறல் விழத் தொடங்கும்போது, ஒவ்வோர் ஓட்டிலும் சம எண்ணிக்கையில் துளிகள் விழுவதில்லை அல்லவா? செல்களும் அப்படியே கட்டங்களில் படிகின்றன.

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை டப்ளினிலுள்ள கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்தது. வில்லியம் சீலி காசெட் 1899-இல் அங்கே சேர்ந்தவர். பீருக்கு எவ்வளவு ஈஸ்ட் சேர்ப்பது என்பது அந்த ஆலைக்கு அன்றாடப் பிரச்சினை. குறைந்தால் நொதித்தல் மந்தமாகும். கூடினால் சுவை மாறும். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1907-இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் பொருளே ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணும்போது நேரும் பிழைதான்.

அதற்காக அவர் 400 சிறு கட்டங்களையும் தனித்தனியே எண்ணினார். ஒரு கலவையில் மொத்தம் 1,872 செல்கள். சிறு கட்டத்துக்குச் சராசரி 4.68. ஒரு செல்கூட இல்லாத கட்டம் ஒன்றுமில்லை. 20 கட்டங்களில் ஒன்றே ஒன்று, 86 கட்டங்களில் நான்கு, 70 கட்டங்களில் ஐந்து. இரண்டு கட்டங்களில் மட்டும் பன்னிரண்டு. இந்தப் பரவல் தற்செயலாகத் தூவியவற்றுக்கான பாய்சான் கணக்கோடு நெருங்கி ஒத்துப்போனது. நான்கு செல்கள் உள்ள கட்டங்கள் 74 இருக்கும் என்கிறது கணக்கு, இருந்தவை 86. ஐந்து உள்ளவை 69 என்கிறது; இருந்தவை 70.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஓர் எளிய விதி. எத்தனை செல்களை எண்ணினோமோ, அதன் வர்க்கமூலமே தற்செயல் பிழையின் அளவு. 206-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 14, நூற்றுக்கு ஏழு. காசெட்டின் 1,872-க்கு 43. நூற்றுக்கு இரண்டு சொச்சம். நூறு செல்கள் எண்ணினால் பிழை நூற்றுக்குப் பத்து. அதைப் பாதியாக்க நானூறு எண்ண வேண்டும். குடுவையில் எத்தனை கோடி இருக்கின்றன என்பது இங்கே பொருட்டில்லை. கண்ணால் எண்ணியவை எத்தனை என்பதே முக்கியம். அதனால்தான் அளவுக்கு மீறி நீர்ப்பதும் தவறு. எண்ண எளிதாக இருக்கும்; ஆனால் ஐந்து கட்டங்களில் சேர்ந்து இருபது செல்கள்தான் கிடைத்தால், பிழை நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிடும்.

இதே விதி ஒரு சோதனையையும் கையில் தருகிறது. செல்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் தனித்தனியே விழுந்திருந்தால், கட்டங்களின் எண்ணிக்கை சராசரிக்குச் சுற்றிலும் அதன் வர்க்கமூல அளவுக்கே ஏறி இறங்கும். நம் சராசரி 41, வர்க்கமூலம் ஆறரை. 33-இலிருந்து 49 வரை என்பது இயல்பான வீச்சுதான். அதுவே 12, 80, 25, 71, 18 என்று வந்திருந்தால்? அதன் கூட்டுத்தொகையும் 206, சராசரியும் 41.2. விடை அச்சு அசலாக அதேதான் வரும். ஆனால் அதை நம்பக் கூடாது. செல்கள் கொத்தாக ஒட்டியிருக்கின்றன, அல்லது கலவை சரியாகக் குலுக்கப்படவில்லை. ஈஸ்ட் செல்களை ஒட்டவைப்பதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலைச் சேர்த்துக் குலுக்கினால் பெரும்பாலும் கொத்துகள் பிரியும். ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் குறித்தால் போதாது. ஐந்து எண்களையும் தனித்தனியே குறித்துவைக்க வேண்டும்.

வர்க்கமூல விதிக்கும் எல்லை உண்டு. அது தற்செயலை மட்டுமே அளக்கிறது. பிப்பெட்டில் 1 மி.லி.க்குப் பதில் 0.9 மி.லி. எடுத்திருந்தால், ஐந்து கட்டங்களும் ஒரே திசையில் தவறும். 25 கட்டங்களையும் எண்ணினாலும் அந்தத் தவறு தெரியாது. அதைப் பிடிக்க ஒரே வழி, குடுவையிலிருந்து புதிதாக எடுத்து, புதிதாக நீர்த்து, சில்லின் இன்னொரு மேடையில் நிரப்பி எண்ணுவது. முதலில் 206, பிறகு 190 வந்தால் கவலையில்லை. அந்த வேறுபாட்டைத் தற்செயலே விளக்கிவிடும். 206-க்குப் பிறகு 120 வந்தால் இரண்டில் ஒன்று பழுது. சராசரி எடுத்துச் சமாளிக்காமல் மூன்றாம் முறை செய்ய வேண்டும்.

கடைசியில் குறிப்பேட்டில் என்ன எழுதுவது? 10,30,00,000 என்று எழுதினால், நம்மிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொன்னதாகும். மில்லிலிட்டருக்கு 10.3 கோடி, கூடவோ குறையவோ 0.7 கோடி, எண்ணிய செல்கள் 206, நீர்ப்பு பத்து மடங்கு, உயிருள்ளவை நூற்றுக்கு 92. இவ்வளவும் இருந்தால், அடுத்து அந்தக் குறிப்பைப் படிப்பவர் எண்ணை மட்டுமல்ல, அதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதையும் அறிவார்.