பேலட்டில் ஒரு கோதுமைக் கதிர் முத்திரை

துறைமுகக் கிடங்கில் அடுக்கியிருக்கும் மரப் பேலட்டுகளின் பக்கவாட்டைப் பாருங்கள். சூட்டுக்கோலாலோ மையாலோ பதித்த சிறு கட்டம் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் கதிர் போன்ற சின்னமும் IPPC என்ற எழுத்துகளும், மறுபக்கம் IN என்ற நாட்டுக் குறியீடும் அதைச் செய்தவரின் பதிவு எண்ணும், அதையடுத்து HT அல்லது MB என்ற இரண்டெழுத்தும். பல லட்ச ரூபாய்ச் சரக்கு அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறங்குமா, திருப்பி அனுப்பப்படுமா என்பதை அந்தக் கட்டமே முடிவு செய்துவிடும்.

இந்த விதி வந்ததற்குக் காரணம் வண்டுகள். 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. சீனாவிலிருந்து வந்த மரப்பெட்டிகளுக்குள் புழுவாக ஒளிந்து அது கடல் தாண்டியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அதைப் பிடிக்க ஆயிரக்கணக்கான நிழல் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 2002இல் உலக நாடுகள் சேர்ந்து ISPM 15 என்ற தர விதியை ஏற்றன. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள பச்சை மரத்தால் செய்த பெட்டி, பேலட், சரக்கு நகராமல் இருக்க வைக்கும் முட்டுக்கட்டை எல்லாம் இதில் அடங்கும். பசையும் வெப்பமும் அழுத்தமும் சேர்த்துச் செய்யும் பிளைவுட்டுக்கு விலக்கு உண்டு.

HT என்பது வெப்ப முறை. மரத்தின் நடுக்கருவரை 56 டிகிரி செல்சியஸ் எட்டி, இடைவிடாமல் 30 நிமிடம் நிற்க வேண்டும். அறைக் காற்றின் சூடு 56ஐத் தொட்டவுடன் நேரத்தை எண்ணத் தொடங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. தடித்த கட்டையின் உள்ளே சூடு சேர இன்னும் மணிக்கணக்கில் ஆகும். அதனால்தான் இருப்பதிலேயே தடித்த கட்டையில் துளையிட்டு வெப்பமானியை நடுவில் செருகுவார்கள். அந்த வெப்பமானி சொல்லும் கணக்குத்தான் கணக்கு.

MB என்பது மெத்தில் புரோமைடு வாயு. இதில்தான் சறுக்கல்கள் அதிகம், அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம். புதிதாக அறுத்த பேலட்டுகளை ஒரு 20 அடிக் கன்டெய்னருக்குள் அடுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளளவு சுமார் 33 கனமீட்டர். கனமீட்டருக்கு 48 கிராம் வீதம் போட்டால் 1,584 கிராம் வாயு வேண்டும். சிலிண்டரில் திரவமாக இருப்பதை அப்படியே பீய்ச்சக் கூடாது. வெந்நீரில் சூடேறும் சுருள் குழாய் வழியே ஆவியாக்கி விட வேண்டும். காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமான வாயு அது. கீழே தங்கிவிடாமல் இருக்க உள்ளே விசிறி ஓட வேண்டும். கன்டெய்னரின் காற்றுத் துளைகளையும் கதவிடுக்குகளையும் ஒட்டுநாடாவால் மூடுவார்கள்.

பிறகு அளப்பது. 2ஆம், 4ஆம், 24ஆம் மணிகளில் உள்ளே வாயுவின் செறிவு என்ன என்று குழாய் வழியே எடுத்துப் பார்ப்பார்கள். வெப்பம் 21 டிகிரிக்கு மேல் இருந்தால், 24 மணி நேர முடிவில் கனமீட்டருக்கு 24 கிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். செறிவையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டினால் 650 வர வேண்டும். 2ஆம் மணியில் 40, 4ஆம் மணியில் 36, 24ஆம் மணியில் 27 என்று வந்தால் கூட்டுத்தொகை ஏறத்தாழ 790. நல்ல வேலை. வேறொரு கன்டெய்னரில் 34, 29, 14 என்று வந்தால்? போட்ட வாயு அதே 1,584 கிராம்தான். ஆனால் கூட்டுத்தொகை 550 அளவிலேயே நின்றுவிடுகிறது. கதவின் ரப்பர் எங்கோ கிழிந்திருக்கிறது, இரவெல்லாம் வாயு கசிந்திருக்கிறது. முத்திரை குத்தினாலும் புழு உயிரோடுதான் இருக்கும். அளவீட்டுத் தாள் இல்லாத புகையூட்டலை நான் புகையூட்டல் என்றே எண்ணுவதில்லை.

பட்டை இன்னொரு சிக்கல். மரப்பட்டையை உரிக்காமல் வாயு விட்டால் அது சரியாக ஊடுருவாது. 3 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள பட்டைத்துண்டு ஒன்று 50 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஒட்டியிருந்தால், முத்திரை இருந்தும் அந்தப் பேலட் விதியை மீறியதுதான். கன்டெய்னருக்குள் மூட்டைகள் சாயாமல் இருக்கக் கடைசி நேரத்தில் செருகும் முத்திரையில்லாத கட்டை ஒன்று போதும், மொத்தச் சரக்கும் மாட்டிக்கொள்ளும்.

இனி சரக்கு. ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதைத் துளைப்பது சிகரெட் வண்டு. தானியம், மஞ்சள் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். 3 கிராம் மாத்திரை காற்றின் ஈரத்தைப் பிடித்து 1 கிராம் பாஸ்பீன் வாயுவைத் தரும். மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் பாம்புகளை வைத்து, 5 முதல் 7 நாள் வரை அசைக்காமல் விட வேண்டும்.

கப்பல் தேதி நெருங்கியதும் சிலர் இரண்டாம் நாளே தார்ப்பாயைத் தூக்கிவிடுகிறார்கள். வளர்ந்த வண்டுகள் செத்துக் கிடக்கும், பார்ப்பவருக்கு நிம்மதி. ஆனால் முட்டையும் கூட்டுப்புழுவும் பாஸ்பீனை நெடுநேரம் தாங்கும். அவை பயணத்தில் பொரிந்து, இறக்குமதித் துறைமுகத்தில் கதவைத் திறக்கும்போது உயிருள்ள பூச்சியாக ஊர்ந்து வரும். காப்ரா வண்டு என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். அதன் புழு தீனியில்லாமல் ஆண்டுக்கணக்கில் கன்டெய்னர் இடுக்கில் கிடக்கும். அதற்கு ஆஸ்திரேலியா கேட்பது மெத்தில் புரோமைடு கனமீட்டருக்கு 80 கிராம், 48 மணி நேரம்.

மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைத் தின்பது. மான்ட்ரியல் உடன்படிக்கை இதைப் பிற பயன்பாடுகளிலிருந்து விலக்கி, பூச்சித் தடுப்புக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறது. பேலட்டுக்கு வெப்ப முறை கிடைக்கிற இடத்தில் வெப்பத்தையே தேர்வது சரி என்பது என் கருத்து. இரண்டு வாயுக்களும் ஆளைக் கொல்லும். வாயுமானி காட்டும் வரை உள்ளே நுழையக் கூடாது, தொழிலாளியை நுழையவிடவும் கூடாது.

இவற்றுக்கான சான்றுகளைப் பலர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். மரத்துக்கு முத்திரையே சான்று, அதற்குத் தனித்தாள் தேவையில்லை. புகையூட்டல் சான்றிதழை அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனம் தரும். மருந்து, அளவு, வெப்பம், நேரம், கன்டெய்னர் எண் ஆகியவை அதில் இருக்கும். தாவரச் சுகாதாரச் சான்றிதழை, வழக்கில் ஃபைட்டோ என்பதை, மத்திய வேளாண் துறையின் தாவர நோய்த்தடுப்பு அலுவலர் சரக்கைப் பார்வையிட்ட பிறகே தருவார். வாங்கும் நாடு என்ன சிகிச்சை கேட்கிறது, என்ன கூடுதல் உறுதிமொழி எழுதச் சொல்கிறது என்பது அந்நாட்டு இறக்குமதி அனுமதியில் இருக்கும். அதை வாங்கிப் படித்த பிறகு புகையூட்ட வேண்டும். முறை மாறினால் மருந்தும் நாளும் வீண். கன்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் தாள் செல்லாது.

ஏற்றுமதி செய்கிற விவசாயிகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புகையூட்டல் சான்றிதழை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எந்த மணியில் எவ்வளவு செறிவு இருந்தது என்ற அளவீட்டுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் நிறுவனத்துக்கு உங்கள் சரக்கைக் கொடுக்காதீர்கள்.