ஸ்டாப்லாஸ் எங்கே இருக்க வேண்டும்: தாழ்நிலைக்குக் கீழேயா, நிலையான சதவீதத்திலா?

பங்கு வாங்கியவர் தன் கணிப்பு தவறினால் எந்த விலையில் வெளியேறுவது என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் விற்பனை உத்தரவு ஸ்டாப்லாஸ். அந்த விலையைத் தேர்ந்தெடுக்க வர்த்தகர்களிடையே இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, வாங்கிய விலையிலிருந்து 5 சதவீதம், 8 சதவீதம் என்று ஓர் அளவைக் கழித்துக்கொள்வது. மற்றொன்று, விலை அண்மையில் இறங்கி, நின்று, திரும்பி ஏறிய இடத்தைச் சார்ட்டில் கண்டு அதற்குச் சற்றுக் கீழே வைப்பது. அந்தத் திரும்புமுனையை ஸ்விங் லோ என்பார்கள்.

சதவீத முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க முதலீட்டாளர் வில்லியம் ஓ’நீல். 1988-இல் வெளியான தன் நூலில், வாங்கிய விலைக்கு 7 முதல் 8 சதவீதம் கீழே போனால் கேள்வி கேட்காமல் விற்றுவிட வேண்டும் என்றார். அந்த விதியோடு சேர்ந்து வந்த நிபந்தனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பங்கு தன் பழைய உச்சத்தை உடைத்து மேலேறும் இடத்துக்கு மிக அருகிலேயே வாங்கியிருக்க வேண்டும் என்பது அது. அதாவது அவருடைய 8 சதவீதமும் சார்ட்டின் ஓர் இடத்தோடு கட்டப்பட்டதுதான். எந்தப் பங்கை எந்த நிலையில் வாங்கினாலும் 8 சதவீதம் என்பது அவர் சொன்ன விதி அல்ல.

ஸ்விங் லோவை அடையாளம் காண எளிய வரையறை ஒன்று உண்டு. அடுத்தடுத்த ஐந்து நாள்களில் நடு நாளின் தாழ்ந்த விலை, அதற்கு முந்தைய இரண்டு நாள்களையும் பிந்தைய இரண்டு நாள்களையும் விடக் குறைவாக இருந்தால் அது ஸ்விங் லோ. இந்த வரையறைப்படி, ஒரு தாழ்நிலை ஸ்விங் லோதானா என்பது அது நிகழ்ந்து இரண்டு நாள் கழித்தே தெரியும். பழைய சார்ட்டை வைத்துச் சோதிக்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்க முடியாத தாழ்நிலையைப் பயன்படுத்திக் கணக்கிடுவதால், முறை உண்மையைவிடச் சிறப்பாகத் தோன்றிவிடுகிறது.

இரண்டு முறைகளையும் ஒப்பிடுவதற்கு இரண்டு அளவுகள் போதும். ஒன்று தூரம்: வாங்கிய விலைக்கும் ஸ்டாப்லாஸுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி. மற்றொன்று விப்சா: ஸ்டாப்லாஸைத் தட்டி வெளியே தள்ளிவிட்டு விலை மறுபடி மேலே போவது எத்தனை முறை நடக்கிறது என்பது. இவை ஒன்றையொன்று சாராத இரு குணங்கள் அல்ல. தூரம் கூடினால் விப்சா குறையும், தூரம் குறைந்தால் கூடும். இதைக் கருதாமல் ஒரு முறையின் விப்சா எண்ணிக்கை மட்டும் குறைவு என்று மெச்சுவது பயனற்றது. அந்த முறை ஸ்டாப்லாஸைத் தள்ளி வைத்தது என்பதைத் தவிர அது வேறெதையும் காட்டாமல் இருக்கலாம்.

தூரம் எவ்வளவு பேசுகிறது என்பதைக் கணிதமே காட்டும். விலை எந்தப் போக்குமின்றித் தற்செயலாக ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குப் பொதுவாக 1 சதவீதம் அசையும் பங்கில் 5 சதவீத ஸ்டாப்லாஸ் வைத்தால், பத்து வர்த்தக நாள்களுக்குள் அது தட்டப்படும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 11. நாளுக்கு 1.5 சதவீதம் அசையும் பங்கில் அது 29. 2.5 சதவீதம் அசையும் பங்கில் 53. விதி ஒன்றுதான், ஆனால் அமைதியான பெரிய நிறுவனப் பங்குக்கு அது தாராளமான இடைவெளி, ஆட்டம் மிகுந்த சிறிய பங்குக்கு நாணயச் சுண்டல். நிலையான சதவீதத்தின் அடிப்படைக் குறை இதுவே. பங்கின் இயல்பை அது பார்ப்பதில்லை. ஸ்விங் லோ தானாகவே ஓரளவு பார்க்கிறது. ஆட்டம் மிகுந்த பங்கின் திரும்புமுனைகளும் ஆழமாகத்தான் இருக்கும்.

அதே கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. தற்செயலாக நகரும் விலையில், ஸ்டாப்லாஸ் தட்டப்பட்ட தடவைகளில் சரிபாதியில் பத்தாம் நாள் முடிவில் விலை ஸ்டாப்லாஸுக்கு மேலே நிற்கும். அந்த இடத்தைத் தொட்ட பிறகு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சம வாய்ப்பு என்பதே காரணம். மேலே சொன்ன 53-இல் சுமார் 26 தடவை இப்படி ஆகும். ஆனால் விலை வாங்கிய இடத்துக்கும் மேலே திரும்பிவிட்டிருப்பது 10 தடவை மட்டுமே. ஆகவே ‘விற்ற பிறகு ஏறிவிட்டது’ என்பதையெல்லாம் விப்சா என்று எண்ணினால் எந்த முறையும் மோசமாகவே தெரியும். குறிப்பிட்ட நாள்களுக்குள் வாங்கிய விலையைத் திரும்பக் கடந்தால் மட்டுமே விப்சா என்று வரையறுப்பது நேர்மையான கணக்கு.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொண்டு இரண்டையும் நடத்திப் பார்க்கலாம். ஐந்து நாள்களின் தாழ்ந்த விலைகள் முறையே 405, 400, 396, 399, 404 ரூபாய். 396 ஸ்விங் லோ என்பது ஐந்தாம் நாள் முடிவில் உறுதியாகிறது. மறுநாள் 412-இல் வாங்குகிறார்கள். பங்கு நாளொன்றுக்குச் சராசரியாக 8 ரூபாய் அசைகிறது. முதலீடு 5 லட்சம், ஒரு வர்த்தகத்தில் இழக்கத் தயாரான தொகை அதில் 1 சதவீதமான 5,000 ரூபாய்.

ஸ்விங் லோவுக்கு 2 ரூபாய் கீழே, 394-இல் ஸ்டாப்லாஸ் வைத்தால் தூரம் 18 ரூபாய்; 277 பங்குகள் வாங்கலாம். 5 சதவீத முறையில் ஸ்டாப்லாஸ் 391.40, தூரம் 20.60, 242 பங்குகள். தாழ்நிலைக்கு அருகிலேயே வாங்கியதால் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் விலை 393.20 வரை சரிந்து, மாலையில் 401-இல் முடிகிறது. ஸ்விங் லோக்காரர் வெளியேற்றப்பட்டார், சதவீதக்காரர் தப்பினார். பிறகு விலை 412-ஐக் கடந்து ஏறுகிறது. முறையான விப்சா.

இது வெறும் துரதிர்ஷ்டம் அல்ல. 396 எல்லாருடைய சார்ட்டிலும் தெரியும் தாழ்நிலை. அதற்குச் சற்றுக் கீழே பலருடைய விற்பனை உத்தரவுகள் குவிந்திருக்கும். விலை அங்கே இறங்கியதும் அவை ஒன்றையடுத்து ஒன்றாகக் கிளம்பி விலையை இன்னும் கொஞ்சம் தள்ளும். விற்க ஆள் தீர்ந்ததும் விலை திரும்பும். நாணயச் சந்தையின் உண்மையான உத்தரவுப் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் கரோல் ஆஸ்லர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, விற்பனை ஸ்டாப்லாஸ்கள் முழு எண் விலைகளுக்குச் சற்றுக் கீழே குவிவதைக் காட்டியது. அவர் பார்த்தது முழு எண்களை, ஸ்விங் லோக்களை அல்ல. ஆனால் எல்லாருக்கும் தெரியும் இடத்துக்குச் சற்று அப்பால் உத்தரவுகள் கூடும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

இதற்கு மாற்று, இடைவெளியைப் பங்கின் அசைவைக் கொண்டு அளப்பது. வெல்ஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்திய சராசரி உண்மை வீச்சு (சார்ட் மென்பொருள்களில் ATR) இதற்குத்தான் பயன்படுகிறது. நம் பங்கின் நாளசைவில் பாதியான 4 ரூபாயைக் கழித்து 392-இல் வைத்திருந்தால் 393.20 சரிவைத் தாண்டியிருக்கும். தூரம் 20 ரூபாய், கிட்டத்தட்ட 5 சதவீதம். வாங்கும் பங்குகள் 250. எல்லாச் சரிவும் இப்படி 3 ரூபாயோடு நின்றுவிடாது என்பதால் இது முழுப் பாதுகாப்பு அல்ல.

அடுத்து, அதே பங்கைத் தாமதமாக 438-இல் வாங்குபவரைப் பார்க்கலாம். அண்மை ஸ்விங் லோ இப்போது 393.20. அதற்குக் கீழே 391-இல் வைத்தால் தூரம் 47 ரூபாய், ஏறத்தாழ 11 சதவீதம். 106 பங்குகள்தான் வாங்க முடியும். 5 சதவீத முறையில் 416.10, தூரம் 21.90, 228 பங்குகள். விலை 415-க்கு இறங்கிப் பிறகு 470-க்கு ஏறினால் சதவீதக்காரர் 5,000 ரூபாய் அளவுக்கு இழந்து வெளியேறுகிறார், ஸ்விங் லோக்காரர் 3,392 ரூபாய் ஈட்டுகிறார். விப்சா இம்முறை மறுபக்கம் விழுந்தது. 416.10 என்ற விலைக்குச் சார்ட்டில் எந்தப் பொருளும் இல்லை. சாதாரணப் பின்வாங்கல் ஒன்று நிற்கக்கூடிய இடத்துக்கு நடுவில் அது மாட்டிக்கொண்டது.

ஆனால் ஸ்விங் லோக்காரரின் வெற்றியை அப்படியே ஏற்கக் கூடாது. அவர் 32 ரூபாய் லாபத்துக்காக 47 ரூபாயைப் பணயம் வைத்தார். 470 தான் இலக்கு என்றால், இப்படிப்பட்ட வர்த்தகங்களில் நூற்றுக்கு 60 தடவை வென்றால்தான் கைப்பிடிப்பு இல்லாமல் தப்பலாம். சதவீதக்காரருக்கு 41 போதும். விப்சா குறைந்ததற்கான விலை இங்கே செலுத்தப்படுகிறது: பங்குகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போகிறது, ஒவ்வொரு வெற்றியின் பலனும் சுருங்குகிறது. அனுபவமுள்ளவர்கள் இந்த 47 ரூபாயைப் பார்த்ததும் ஸ்டாப்லாஸை நெருக்கி வைப்பதில்லை. வாங்கும் நேரம் தப்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வர்த்தகத்தையே விட்டுவிடுகிறார்கள். ஸ்விங் லோ முறையின் மதிப்பு பெரும்பாலும் இந்தத் தகவலில்தான் இருக்கிறது. சதவீத முறை எப்போதும் ஒரே தூரத்தைக் காட்டுவதால் இந்த எச்சரிக்கையைத் தருவதே இல்லை.

தன் பங்குகளில் எது மேல் என்று அறிய விரும்புபவர், ஒரே நுழைவு நாள்களுக்கு இரண்டு ஸ்டாப்லாஸ்களையும் கணக்கிட்டு, ஒவ்வொன்றின் தூரத்தையும் ரூபாயில் அல்லாமல் நாளசைவின் மடங்காக எழுத வேண்டும். பிறகு தூரம் ஏறத்தாழச் சமமாக உள்ள வர்த்தகங்களை மட்டும் எடுத்து விப்சாவை எண்ண வேண்டும். சம தூரத்திலும் ஸ்விங் லோவுக்குக் கீழே விப்சா குறைவாக வந்தால்தான் அந்த இடத்துக்கென ஒரு வலு இருக்கிறது என்று பொருள். 30 வர்த்தகங்களில் ஒன்றுக்கு 12, மற்றொன்றுக்கு 9 என்று வந்தால் அது தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடு. முடிவு சொல்ல இன்னும் பல மடங்கு பதிவுகள் வேண்டும்.

அன்றைய தாழ்ந்த விலை தட்டினாலே வெளியேறுவதா, நாள் முடிவு விலை கீழே இருந்தால் மட்டும் வெளியேறுவதா என்பதையும் கணக்குக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். முடிவு விலையைக் கொண்டால் 393.20 போன்ற காலைச் சரிவுகள் விப்சாவாகாது. பதிலுக்கு, உண்மையான வீழ்ச்சி நாளில் 394-க்குப் பதில் 380-இல் விற்க நேரலாம். தூரம் 18 ரூபாய் என்று கணக்கிட்டது அப்போது 32 ஆகிவிடும்.

ஓரிரவில் கெட்ட செய்தி வந்து பங்கு காலையில் 370-இல் திறந்தால் 394, 391.40 என்ற வேறுபாடே மறைந்துவிடும். ட்ரிகர் விலையோடு லிமிட் விலையும் கொடுத்த உத்தரவாக இருந்தால், லிமிட்டுக்குக் கீழே விலை திறக்கும் நாளில் அது நிறைவேறாமலே நிற்கவும் கூடும். காலாண்டு முடிவு வெளியாகும் நாளுக்கு முன் பங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே அந்த ஆபத்துக்கு இருக்கும் வழி.