"மொத்தம் 11,350 வந்திருக்கு": ஒரு கிளாஸ் ரெப் மெசேஜைப் படிக்கறது எப்படி

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு மெசேஜ்தான் டாபிக். காலேஜ் படிச்ச எல்லாருக்கும் அது ஒரு தடவையாவது வந்திருக்கும். "பிரண்ட்ஸ், சார் பேர்வெல் கிஃப்டுக்கு மொத்தம் 11,350 கலெக்ட் ஆகியிருக்கு. தேங்க்ஸ் ஆல்." அவ்ளோதான் மெசேஜ். கீழே முப்பது தம்ஸ் அப் விழும், அடுத்த டாபிக்குக்குப் போயிடுவோம்.

ஆனா அந்த ஒரு நம்பரை நம்பித்தான் ரெப் சேலம் செவ்வாய்பேட்டைக்கு பஸ் ஏறி, வெள்ளிக் கடைக்காரர்கிட்ட குத்துவிளக்குக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறாரு. நம்பர்ல தப்பு இருந்தா அந்தப் பணம் அவரோட பாக்கெட்ல இருந்துதான் போகும். இருபது வயசுப் பையனுக்கோ பொண்ணுக்கோ அது சின்னத் தொகை இல்ல. அதைவிட மோசம், "அவன் எடுத்துக்கிட்டான் போல"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லிட்டா அது பட்டமளிப்பு விழா வரைக்கும் கூடவே வரும்.

ஒரு கணக்கைக் கையில எடுத்துக்குவோம். திருச்செங்கோடு பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், பைனல் இயர், வகுப்புல 58 பேர்னு வச்சுக்கங்க. ஆளுக்கு 200 ரூபாய். எல்லாரும் கொடுத்தா 11,600 வரணும். வந்தது 11,350.

முதல் சோதனை: 200-ஆல வகுத்துப் பாருங்க

11,350-ஐ 200-ஆல வகுத்தா 56.75 வரும். முக்கால் ஆள்னு யாரும் கிடையாது. அப்போ எல்லாரும் சரியா 200 கொடுக்கலைன்னு இந்த ஒரு வகுத்தலே சொல்லிடுது. யாரோ குறைச்சு, இல்ல கூட்டிக் கொடுத்திருக்காங்க.

இங்கதான் பல ரெப்புங்க ஒரு முடிவுக்குப் போவாங்க: "57 பேர் கொடுத்துட்டாங்க, அதுல ஒருத்தர் 50 கம்மி. பாக்கி இன்னும் ஒரு ஆள்தான்." கேக்கறதுக்கு சரியாத்தான் இருக்கு. 57 பேர் 200 கொடுத்தா 11,400, அதுல 50 போனா 11,350. கணக்கும் அழகா பொருந்துது. ஆனா உள்ள நடந்தது வேற.

43 பேர் யுபிஐ-ல 200 அனுப்பினாங்க, அது 8,600. ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருக்கற மூணு பேருக்கும் சேர்த்து ஒருத்தர் 600 போட்டாரு. சார் மேல பிரியம் உள்ள ரெண்டு பேர் ஆளுக்கு 500 போட்டாங்க, அது 1,000. ஆறு பேர் கையில காசாக் கொடுத்தாங்க. அஞ்சு பேர் 200, ஒருத்தர் 150, ஆக 1,150. கூட்டுங்க: 8,600 + 600 + 1,000 + 1,150 = 11,350.

இப்போ தலைகளை எண்ணுங்க. 43 + 3 + 2 + 6 = 54. பாக்கி ஒருத்தர் இல்ல, நாலு பேர். ரெண்டு பேர் கூடுதலாப் போட்ட 600 ரூபாய், வராத பணத்துல பெரும்பகுதியை மூடி மறைச்சிருச்சு.

மென்பொருள்ல டேட்டா சரியா வந்துச்சான்னு பாக்க எல்லா எண்களையும் கூட்டி ஒரு செக்சம் அனுப்புவோம். அதுலயும் இதே பலவீனம் உண்டு. ஒரு இடத்துல கூடி இன்னொரு இடத்துல அதே அளவு குறைஞ்சா கூட்டுத்தொகை மாறாது, தப்பு வெளிய தெரியாது. அதனாலதான் மொத்தத்தோட இன்னொரு நம்பரும் வேணும்: எத்தனை தலை.

மொய் நோட்டுக்காரங்க இதை எப்பவோ பண்ணிட்டாங்க

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் கல்யாண மண்டபத்து வாசல்ல மொய் எழுதற மேஜையைக் கவனிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் பணத்தை வாங்கி எண்ணி, பேரையும் தொகையையும் சத்தமாச் சொல்வாரு. இன்னொருத்தர் நோட்டுல ஊர், பேர், தொகைன்னு எழுதுவாரு. பணத்தைத் தொடறவர் பேனாவைத் தொடறதில்ல. கடைசியில நோட்டுக் கூட்டுத்தொகையும் பையில இருக்கற பணமும் ஒத்துப்போகணும்.

ஒரு வரி, ஒரு கொடுத்தவர். மொத்தம்ங்கறது அந்த வரிகள்ல இருந்து பிறக்கற விஷயம். கிளாஸ் ரெப் செய்யற பொதுவான பழக்கம் இதுக்குத் தலைகீழ்: வரி எழுதாம, பேங்க் பேலன்ஸைப் பாத்து "முன்னாடி இவ்ளோ இருந்துச்சு, இப்ப இவ்ளோ இருக்கு"ன்னு கழிச்சு மொத்தம் சொல்றது. நடுவுல அவரு டீ குடிச்சது, ரீசார்ஜ் பண்ணது, அப்பா அனுப்பின பணம் எல்லாமே அந்தக் கழித்தலுக்குள்ள கலந்துடும்.

அதனால ஒரு ஷீட் போடுங்க. A காலம்ல யார், B-ல தொகை, C-ல எத்தனை பேருக்கான பணம். நம்ம உதாரணத்துல யுபிஐ வரவு 46 வரி, காசு 6 வரி, மொத்தம் 52 வரி. அந்த 600 ரூபாய் வரிக்கு C-ல 3, மத்ததுக்கெல்லாம் 1. கீழே ரெண்டே பார்முலா:

```
=SUM(B2:B53)
=SUM(C2:C53)
```

முதல்ல 11,350 வரும், ரெண்டாவதுல 54 வரும். இந்த ரெண்டு நம்பரும் சேர்ந்தாத்தான் கணக்கு.

A காலம்ல ஒரு சிக்கல் வரும், முன்னாடியே சொல்லிடறேன். நிறைய பசங்க அப்பா, அம்மா அக்கவுண்ட்ல இருந்துதான் அனுப்புவாங்க. ரெப்புக்கு வர்ற நோட்டிபிகேஷன்ல அவருக்குத் தெரியாத ஒரு பெரியவர் பேர் இருக்கும். பணம் கேக்கும்போதே "நோட் பாக்ஸ்ல ரோல் நம்பர் போடுங்க"ன்னு சொல்லிட்டா இந்தத் தேடல் பாதி குறையும்.

"நான் அனுப்பிட்டேனே!"

பாக்கி நாலு பேர்ல ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட்டோட வருவாரு. பணம் அவர் அக்கவுண்ட்ல கழிஞ்சிருக்கும், ரெப்புக்கு வந்திருக்காது. ரெண்டு பேருமே உண்மைதான் சொல்றாங்க.

யுபிஐ-ல அனுப்பறவர் பேங்க்ல கழிக்கறதும், வாங்கறவர் பேங்க்ல சேர்க்கறதும் தனித்தனிப் படிகள். முதல் படி முடிஞ்சு ரெண்டாவது நிக்கறப்பதான் பெண்டிங்னு காட்டும். இதுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல ஒரு கெடு வச்சது: ஆளுக்கு ஆள் அனுப்பற பணம் போய்ச் சேரலைன்னா, அதிகபட்சம் அடுத்த நாளுக்குள்ள தானாத் திரும்பி வரணும். தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. அதனால பெண்டிங்னு பாத்ததும் உடனே இன்னொரு 200 அனுப்பாதீங்க. முதல்ல அனுப்பினதும் லேட்டா வந்து சேர்ந்தா, ஒரே ஆளுக்கு ரெண்டு வரி விழும். வரிகளை மட்டும் எண்ணற ரெப் அதை ரெண்டு ஆளா எடுத்துக்குவாரு.

சரிபாக்கணும்னா ஸ்கிரீன்ஷாட் போதாது, அது அனுப்பறவர் பக்கத்துப் படம் மட்டும்தான். 12 இலக்க நம்பரைக் கேளுங்க. ஆப்ல UTR இல்லைன்னா UPI transaction ID-னு இருக்கும். ரெண்டு பக்கமும் அதே நம்பர்தான் பதிவாகும். ஆப் தன் வசதிக்குக் கொடுக்கற தனி ஐடியும் பக்கத்துலயே இருக்கும், அது எதிர்ப்பக்கம் தெரியாது. அதை அனுப்பி "மேட்ச் ஆகல"ன்னு சண்டை போடாதீங்க. அந்த 12 இலக்கம் ரெப்போட பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருந்தா பணம் வந்திருக்கு, இல்லைன்னா இன்னும் வரல.

இடம் மாறின இலக்கம்

இன்னொரு தப்பு, டைப்பிங். ரெப் அவசரத்துல 11,350-ஐ 11,530-னு அடிச்சிட்டாருன்னு வைங்க. குரூப் அதை நம்பி, வரி போக 11,150 ரூபாய்க்கு ஒரு விளக்கு ஜோடியை ஓகே பண்ணுது. வெள்ளிக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், 334.50. பில் 11,484.50. 11,530-க்குள்ள அடங்குது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா கையில இருக்கறது 11,350. கடைக் கவுண்டர்ல நிக்கற ரெப்புக்கு 134.50 குறையும்.

இதைப் பிடிக்க ஆடிட்டருங்க காலங்காலமா வச்சிருக்கற ஒரு வழி இருக்கு. சொன்ன நம்பருக்கும் ஷீட் நம்பருக்கும் வித்தியாசம் எடுங்க: 180. அது 9-ஆல மீதியில்லாம வகுபட்டா, பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்கான்னு முதல்ல பாருங்க. 35-ஐ 53-னு எழுதினா வித்தியாசம் 18. எந்த ரெண்டு இலக்கம் இடம் மாறினாலும் வித்தியாசம் 9-ஓட மடங்காத்தான் இருக்கும், ஏன்னா ஒரு இலக்கத்தோட பத்து மடங்குல இருந்து ஒரு மடங்கு போனா மிச்சம் ஒன்பது மடங்கு. ஆனா 9-ஆல வகுபடற வேற தப்பும் இருக்கலாம், அதனால இது துப்புதான், தீர்ப்பு இல்ல. வித்தியாசம் சரியா 200-ன்னு வந்தா, ஒரு வரி விட்டுப்போயிருக்கான்னு தேடுங்க.

வராத பேரை குரூப்ல போடலாமா?

மொய் மேஜையில பேரும் தொகையும் சத்தமாச் சொல்றது அந்தச் சபையோட வழக்கம். அது திரும்பச் செய்ய வேண்டிய முறை, அதனால எல்லாருக்கும் தெரியணும். பேர்வெல் கிஃப்ட் அப்படி இல்ல. 150 கொடுத்தவருக்கு அந்த மாசம் 200 இல்லாம இருந்திருக்கலாம். பாக்கி நாலு பேர்ல ஒருத்தரோட பணம் பேங்குக்கு நடுவுல நிக்குது. அவங்க பேரை 58 பேர் முன்னாடி போட்டா, கணக்கு சுத்தமாகும், வகுப்பு கெட்டுடும்.

பேரைப் போடாமலே எல்லாரும் சரிபாக்க வழி இருக்கு. யுபிஐ வரவுகளை, 12 இலக்கத்தோட கடைசி நாலு இலக்கமும் தொகையுமா லிஸ்ட் பண்ணுங்க. அனுப்பினவர் தன் ஆப்பைத் திறந்து தன் வரியைக் கண்டுபிடிச்சுக்குவாரு, அடுத்தவங்களுக்கு அது யாருன்னு தெரியாது. 46 வரியில ரெண்டுக்குக் கடைசி நாலு இலக்கம் ஒண்ணா அமையறதுக்குப் பத்துல ஒரு வாய்ப்பு இருக்கு. அப்படி வந்தா ஆறு இலக்கமாப் போடுங்க. காசு கொடுத்தவங்களுக்கு வாங்கும்போதே ஒரு சீட்டு நம்பர் கொடுத்துட்டா அதுவும் இதே லிஸ்ட்ல சேர்ந்துக்கும்.

அப்போ ரெப்போட மெசேஜ் இப்படி மாறும்:

"கிஃப்ட் கணக்கு, வெள்ளி இரவு 9 மணி வரை. 58 பேர்ல 54 பேருக்கான பணம் வந்திருக்கு. யுபிஐ 46 வரவு, 10,200. கையில காசு 6 பேர், 1,150. மொத்தம் 11,350. லிஸ்ட் கீழே இருக்கு, உங்க வரி இல்லைன்னா எனக்கு மட்டும் மெசேஜ் பண்ணுங்க. கடையில ஜிஎஸ்டி சேர்த்து 11,350-க்குள்ளதான் பாக்கறோம். வாங்கினதும் பில் போட்டோ இங்கயே வரும்."

ஆறே வரி கூடியிருக்கு. இதுல நேரம் இருக்கு, அதனால அப்புறம் வந்த பணம் குழப்பாது. தலை எண்ணிக்கை இருக்கு. காசும் யுபிஐ-யும் தனித்தனியா இருக்கு, அதனால பணம் எங்க இருக்குன்னு தெரியுது. "கொடுக்காதவங்க"ன்னு ஒரு வார்த்தை இல்ல, "வந்திருக்கு"ன்னு மட்டும்தான் இருக்கு. ரெப்புக்கு உண்மையிலேயே தெரிஞ்சது அது மட்டும்தானே.

உங்க கிளாஸ் குரூப்ல இப்ப ஏதாவது கலெக்‌ஷன் ஓடிட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரி மொத்தத்தை ஆளுக்கான தொகையால வகுத்துப் பாருங்க. புள்ளி வச்ச நம்பர் வந்தா ரெப்புக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுங்க, குரூப்ல வேணாம். அடுத்த எபிசோடுல பாக்கலாம் மக்களே.