நைட்ரைலுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள்

பென்சோநைட்ரைல் நிறமற்ற, எண்ணெய் போன்ற திரவம். கசப்பு பாதாமின் வாசனை அடிக்கும். ஆனால் முகர்ந்து பார்க்கக்கூடாத நச்சுப்பொருள். ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு கார்பன், அந்தக் கார்பனோடு மூன்று பிணைப்புகளால் இறுகிய ஒரு நைட்ரஜன்: C₆H₅CN. இதில் நீர் சேர்ந்தால் முதலில் பென்சமைடு என்ற அமைடு உருவாகும். இன்னொரு முறை நீர் சேர்ந்தால் அமைடு உடைந்து பென்சோயிக் அமிலமும் அம்மோனியாவும் பிரியும். நீருக்குப் பதில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் பென்சைல் அமீன் கிடைக்கும். முதல் வழி நீராற்பகுப்பு, அடுத்தது ஒடுக்கம்.

இந்தப் பாதையில் பின்னோக்கியும் நடக்கலாம். சர்க்கரைச் சோதனைக்குப் பெயர் தந்த ஹெர்மன் ஃபெலிங், 1844இல் அம்மோனியம் பென்சோயேட்டைச் சூடாக்கி, அதிலிருந்து நீரை விரட்டித்தான் பென்சோநைட்ரைலைப் பெற்றார். ஆகவே நைட்ரைலை அமிலமாக்க நினைப்பவருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. நீரை உள்ளே சேர்க்க வேண்டும்; பிறகு வினை திரும்பாதபடி கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும். காரமும் அமிலமும் இந்த இரண்டு வேலைகளையும் செய்கின்றன. ஆனால் வேறு வேறு விதமாக.

முதலில் காரம். 5 கிராம் பென்சோநைட்ரைலை 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 80 மில்லிலிட்டரோடு குடுவையில் எடுத்து, மேலே கண்டென்சரைப் பொருத்திக் கொதிக்க வைக்கிறோம். நைட்ரைல் நீரில் கரையாது. அதனால் தொடக்கத்தில் எண்ணெய்த் துளிகள் மிதக்கும், கண்டென்சரிலிருந்து சொட்டும் நீரிலும் தெரியும். முக்கால் மணி நேரம் போல் கழிந்ததும் அந்தத் துளிகள் மறையும். அதற்குள் அம்மோனியாவின் காரநெடி எழுந்திருக்கும். குடுவையின் வாயருகே பிடித்த ஈரச் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். ஆனால் துளிகள் மறைந்தன என்றால் நைட்ரைல் தீர்ந்தது என்றுதான் பொருள்; அமைடும் தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல.

குடுவைக்குள் நடப்பது இது. ஹைட்ராக்சைடு அயனி வலிமையான தாக்குநர். அது நைட்ரைலின் கார்பனை நேராகவே தாக்கி அமைடைத் தருகிறது. அடுத்த படி கடினமானது. அமைடின் நைட்ரஜன் எளிதில் விலகிப் போகாது. அதை வெளியேற்றத்தான் இவ்வளவு காரமும் இவ்வளவு கொதியும். விலகிய பிறகு மிஞ்சும் பென்சோயிக் அமிலத்தைக் காரம் உடனே பென்சோயேட் அயனியாக்கிவிடுகிறது. எதிர்மின்சுமை கொண்ட அந்த அயனியை அம்மோனியாவால் மறுபடி தாக்க முடியாது. தாழ்ப்பாள் விழுந்தாயிற்று.

குளிரவைத்து அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெல்லச் சேர்த்தால் பென்சோயிக் அமிலம் வெண்மையாகப் படியும். கணக்குப்படி அதிகபட்சம் 6 கிராம் கிடைக்கலாம். கவனமாகச் செய்தால் அதற்கு வெகு அருகில் வரலாம்.

அமிலத்தில் தாக்குநர் வெறும் நீர், அது வலுவற்றது. அதனால் அமிலம் நைட்ரைலை இளக்கித் தருகிறது: நைட்ரஜன் மேல் ஒரு புரோட்டான் ஏறியதும் கார்பனில் எலக்ட்ரான் பஞ்சம் கூடுகிறது, நீரே அதைத் தாக்கப் போதுமானதாகிறது. நீர் கலந்த கந்தக அமிலத்தில் மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் பென்சோயிக் அமிலம் அமிலமாகவே நேரடியாகக் கிடைக்கும். அம்மோனியா நெடி வராது, லிட்மஸும் நிறம் மாறாது. இங்கே தாழ்ப்பாள் மறுபக்கம் விழுகிறது. பிரிந்த அம்மோனியா ஒரு புரோட்டானை வாங்கி அம்மோனியம் அயனியாகிவிடுகிறது. தாக்குவதற்கு வேண்டிய எலக்ட்ரான் இணை அதனிடம் இல்லை.

காரம் அமிலத்தைச் சிறைப்பிடிக்கிறது, அமிலம் அம்மோனியாவைச் சிறைப்பிடிக்கிறது. இதனால் இரண்டுமே வினையில் செலவாகின்றன. ஒரு மூலக்கூறு நைட்ரைலுக்குக் குறைந்தது ஒரு ஹைட்ராக்சைடோ ஒரு புரோட்டானோ வேண்டும். சில சொட்டு அமிலம் விட்டால் வினைவேகமாற்றியாக இருந்து வேலையை முடித்துத் தரும் என்று பாடம் படிப்பவர்கள் நினைப்பதுண்டு. எஸ்டர் நீராற்பகுப்பில் அது சரி. இங்கே சொட்டுகள் தீர்ந்ததும் வினை படுத்துவிடும்.

பாதியில் நின்றதா என்று எப்படி அறிவது? பென்சமைடும் வெண்மை, பென்சோயிக் அமிலமும் வெண்மை. தூய அமிலம் 122 டிகிரியில் உருகும், அமைடு 128 டிகிரி வாக்கில் உருகும். கலந்திருந்தால் இரண்டுக்கும் கீழே, நெடிய இடைவெளியில் குழைந்து உருகும். இன்னும் எளிய வழி சோடியம் பைகார்பனேட் கரைசல். அமிலம் நுரைத்துக் கரைந்துவிடும், அமைடு அடியில் தங்கும்.

சில சமயம் அமைடுதான் நமக்குத் தேவை. அப்போது கொதிக்க வைக்கும் காரம் உதவாது. லேசான காரத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்க்கும் முறையை ராட்ஸிஷெவ்ஸ்கி 1880களிலேயே காட்டினார். பெராக்சைடிலிருந்து வரும் அயனி ஹைட்ராக்சைடைவிடக் கூர்மையான தாக்குநர். அதனால் கொதிக்க வைக்காமல் மிதமான சூட்டிலேயே முதல் படி முடிகிறது. ஆக்சிஜன் குமிழ்களாக வெளியேறுகிறது. அந்தச் சூட்டில் அமைடு உடைவதில்லை.

இனி ஒடுக்கம். பென்சோநைட்ரைலை நிக்கல் வினைவேகமாற்றியின் மேல் ஹைட்ரஜனோடு வினைப்படுத்தினால் பென்சைல் அமீன் வர வேண்டும். வரும், ஆனால் கூடவே டைபென்சைல் அமீனும் வந்து சேரும். நைட்ரைல் ஒரே தாவலில் அமீனாவதில்லை. நடுவில் இமைன் என்ற நிலை உண்டு. முன்பே உருவாகிவிட்ட அமீன், அந்த இமைனைத் தாக்கி ஒட்டிக்கொள்கிறது; ஒரு அம்மோனியா வெளியேறுகிறது.

இதைத் தடுக்கவும் அதே இரண்டு தாழ்ப்பாள்கள் உண்டு. கரைப்பானில் அம்மோனியாவை நிறையக் கரைத்து வைத்தால், அம்மோனியாவை வெளியேற்றும் அந்தப் பக்கவினை பின்னுக்குத் தள்ளப்படும். அல்லது ஆல்கஹாலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், உருவாகும் அமீன் உடனுக்குடன் உப்பாகித் தாக்கும் திறனை இழக்கும். ஆனால் அமிலம் நிக்கலைக் கரைத்துவிடும். ஆகையால் அமில வழிக்குப் பல்லேடியமும், அம்மோனியா வழிக்கு நிக்கலும் பொருந்தும்.

வினைவேகமாற்றியும் அழுத்தக் கலனும் இல்லாதபோது லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு கைகொடுக்கும். உலர்ந்த ஈதரில் அது நைட்ரைலையும் அமைடையும் பென்சைல் அமீனாக்கும். அமைடில் இருந்த ஆக்சிஜன் முழுதாக நீங்கிவிடும். ஆனால் அமைடின் நைட்ரஜனில் உள்ள இரண்டு ஹைட்ரஜன்கள் முதலில் ஹைட்ரைடை விழுங்கி ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறும். ஆகவே அமைடுக்கு ஹைட்ரைடு ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். இங்கே நீர் நுழையவே கூடாது, தீப்பிடிக்கும்.

வினை முடிந்தபின் மிச்ச ஹைட்ரைடை அழிப்பதுதான் அனுபவத்தைக் கேட்கும் இடம். 2 கிராம் ஹைட்ரைடு எடுத்திருந்தால், பனிக்கட்டிக் குளிர்ச்சியில் 2 மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அடுத்து 15 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 2 மில்லிலிட்டர், பிறகு 6 மில்லிலிட்டர் நீர். வெறும் நீரை மட்டும் விட்டால் அலுமினியம் வடிகட்டவே முடியாத கூழாகி அமீனைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அமிலம் விட்டால் அமீன் உப்பாகி நீருக்குள் போய்விடும். அளவான காரத்தில் அலுமினியம் மணல்போல வெண்துகளாகப் பிரியும். வடிகட்டி, ஈதரை ஆவியாக்கி, காய்ச்சி வடித்தால் 185 டிகிரியில் பென்சைல் அமீன் இறங்கும். புட்டியை உடனே இறுக மூட வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து அது வாயோரத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும்.