கனவில் வந்து வாழ்த்திய மனைவி: மறுமணத்தை எண்ணும்போது எழும் குற்ற உணர்வு

எங்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு, மனைவியை இழந்த ஆண்கள் தாமாக வருவது குறைவு. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் குறையவில்லை என்று பொதுமருத்துவப் பிரிவுக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களே மிகுதி. இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ வரும்போதுதான், “டாக்டர், ஒரு கனவு வந்தது” என்று தயங்கித் தொடங்குவார்கள். அப்படிப் பலர் சொல்லக் கேட்டவற்றைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி, ஒருவருடைய அனுபவமாக இங்கே எழுதுகிறோம்.

அவருக்கு வயது 54. கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தர். மனைவி சினைப்பைப் புற்றுநோயால் இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பெற்று, மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். மகளுக்குத் திருமணமாகிவிட்டது, மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். தனியே சமைத்துச் சாப்பிடும் தம்பியைக் கண்டு பொறுக்காத அக்கா, கணவரை இழந்த பெண் ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தார். அவரும் அரைமனதாகத் தலையசைத்தார். அதன்பிறகு உறக்கம் கெட்டது. இரத்த அழுத்தம் 160/100 என்று ஏறியது. அதற்கு மெட்டோப்ரோலால் மாத்திரை தொடங்கப்பட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் மனைவி கனவில் வந்தார்.

கீமோதெரபியில் உதிர்ந்த முடியெல்லாம் வளர்ந்து, பின்னிய சடையும் பூவுமாக, கொல்லைப்புறத்துத் துவைக்கும் கல்லருகே நின்றிருந்தாராம். கையில் வெற்றிலை, மஞ்சள் வைத்த தட்டு. அதை இவரிடம் நீட்டி, “நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்” என்றாராம். விழித்தபோது மனம் இலேசாக இருந்தது. அக்காவிடம் சொன்னார். “அவளே உத்தரவு குடுத்துட்டா, இனி என்ன?” என்று அக்கா நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அன்று மாலையே அந்த இலேசு போய், முன்னைவிடக் கனமான ஒன்று வந்து அமர்ந்தது. “அவ சொன்னாளா, இல்ல எனக்கு வேணும்னு நானே அவ வாயில சொல்ல வெச்சேனா?” என்பதே எங்களிடம் அவர் கேட்ட கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுமுன் உறக்கத்தைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். ஓர் இரவில் நம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நான்கைந்து முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டு. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போது தோன்றுகின்றன. முன்னிரவில் சில நிமிடங்களே நீளும் இக்கட்டம், விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அதிலிருந்து நேராக விழித்துக்கொள்கிறவருக்குக் கனவு முழுதாக நினைவிருக்கும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கு அடிப்படை இதுவாகவும் இருக்கலாம்: நமக்கு நினைவில் தங்குவதே விடியற்காலைக் கனவுதான். அந்நேரத்தில் மூளையில் உணர்ச்சியைக் கையாளும் பகுதி விழிப்போடும், ஆராய்ந்து ஐயுறும் முன்பகுதி அடங்கியும் இருக்கின்றன. ஆகவே, இறந்தவர் எதிரே நிற்பது அப்போது வியப்பாகவே தோன்றுவதில்லை.

மாத்திரையைப் பற்றியும் கேட்டோம். மெட்டோப்ரோலால் சிலருக்குக் கனவுகளை மிகத் துலக்கமாக்கும். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினாலும் கனவுகள் பெருகும். இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. “அப்போ மாத்திரையாலதான் அவ வந்தாளா?” என்றார். நாங்கள் கேள்வியை அவசரப்பட்டு வைத்துவிட்டோம் என்று அப்போது உணர்ந்தோம். மருந்து கனவின் நிறத்தைக் கூட்டலாம்; யார் வருகிறார், என்ன சொல்கிறார் என்பதை அது முடிவு செய்வதில்லை. (கனவுக்கு அஞ்சி இம்மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு.)

துணையை இழந்தவர்கள் அவரைக் கனவில் காண்பது மிக இயல்பு. நோயில் மெலிந்து இறந்தவர் கனவில் நலமோடு தோன்றுவதும் அடிக்கடி கேட்கும் செய்தியே. விழித்திருக்கும்போதுகூட அவர் அருகில் இருப்பதுபோல் உணர்வோர் உண்டு. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர், துணையை இழந்த 293 பேரை விசாரித்து எழுதிய கட்டுரையில், அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இவ்வகை உணர்வு இருந்ததாகப் பதிவு செய்தார். பலர் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு காலத்தில், இறந்தவரிடமிருந்து பற்றை விலக்கிக்கொள்வதே துயரத்தின் பணி என்று மருத்துவ உலகம் கருதியது. பிராய்ட் 1917இல் எழுதிய கட்டுரை அதற்குப் பெரிய காரணம். 1990களில் இக்கருத்து மாறியது. பிணைப்பு அறுவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்பதே இன்று நாங்கள் பயிலும் பாடம். மறுமணம் செய்பவர் முதல் மனைவியை மறந்தாக வேண்டும் என்பது மருத்துவம் வைத்த நிபந்தனை அன்று.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். இருபத்தாறு ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்தவர், அவர் எந்த நேரத்தில் என்ன சொல்வார், எப்படிச் சொல்வார் என்பதைத் தம்முள் ஏந்தியிருக்கிறார். கனவில் பேசியது அந்தக் குரல். அது வெளியிலிருந்து வந்த உத்தரவு என்று நாங்கள் சான்று கூற முடியாது. அவர் நம்பிக்கையில் தலையிடவும் மாட்டோம். ஆனால் அதைத் தன்னலத்துக்காகப் புனைந்த பொய் என்று சொல்லவும் இடமில்லை. அவர் விரும்பியதும் அதில் உண்டு, மனைவியைப் பற்றி அவர் உண்மையாக அறிந்ததும் அதில் உண்டு.

எங்களை நிறுத்தியது வேறொன்று. வாழ்த்துப் பெற்ற பின்னும் குற்ற உணர்வு ஏன் கூடியது? கனவை மீண்டும் ஒருமுறை, இப்போது நடப்பதுபோல் மெதுவாகச் சொல்லச் சொன்னோம். “நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்” என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது. இதே சொற்களை அவர் மனைவி எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “கடைசி ராத்திரி” என்றார்.

மருத்துவமனையில் ஒன்பது நாள் கட்டிலருகே இருந்தவர் அவர். பத்தாம் நாள் இரவு, குளித்து உடை மாற்றி வருமாறு மனைவிதான் அனுப்பினார், அதே சொற்களால். வீட்டுக்குச் சென்றவர் அயர்ந்து உறங்கிவிட்டார். விடியுமுன் தொலைபேசி ஒலித்தது. இரண்டு நிமிடம் விழித்திருந்தால் கிளம்பியிருப்பேன் என்பதை மூன்று ஆண்டுகளாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. செய்தி கேட்டபோது, ‘இனி அவளுக்கு வலியில்லை, எனக்கும் ஓய்வு’ என்று ஒரு நொடி தோன்றியதையும் சொன்னதில்லை. மறுமணப் பேச்சு வந்ததும் அந்த இரவு திரும்பி வந்தது. மீண்டும் ஒருமுறை அவளை விட்டுப் போகிறேன் என்பதே அவர் மனம் போட்ட கணக்கு.

நீண்ட நோயில் துணையைக் கவனித்தவர்களிடம் இதை அடிக்கடி காண்கிறோம். மறுமணத்தால் எழுந்ததுபோல் தோன்றும் குற்ற உணர்வின் வேர், பல நேரம் கவனித்த காலத்தில் இருக்கிறது: ஒருநாள் கடிந்து பேசியது, ஒரு சிகிச்சைக்குச் சம்மதித்தது அல்லது மறுத்தது, முடிவு வந்தபோது பெருமூச்சு விட்டது. வேர் அங்கிருக்கும்போது, “அவளே வாழ்த்திவிட்டாள்” என்ற ஆறுதல் மேலோட்டமாகவே நிற்கும்.

எனவே, மறுமணத்தைப் பற்றிய பேச்சைச் சில வாரங்கள் தள்ளி வைத்துவிட்டு அந்த இரவைப் பற்றியே பேசினோம். புற்றுநோயின் இறுதி நாட்களில் மூச்சு நிற்கும் மணியை எவராலும் கணிக்க முடிவதில்லை. நாட்கணக்கில் உடனிருந்தவர் சற்று விலகிய வேளையில் உயிர் பிரிவது எங்கள் வார்டுகளில் பலமுறை நடக்கிறது. அப்போது நோயாளி பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பார். அவர் இருந்திருந்தாலும் மரணம் விலகியிராது. கையைப் பிடித்திருந்திருக்கலாம் என்ற இழப்பு மட்டும் உண்மை; அதை இல்லையென்று சொல்லி நாங்கள் தேற்றவில்லை. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னோம். இரண்டு வாரம் வெறுங்கையோடு வந்தார். மூன்றாம் வாரம் நான்கு பக்கம் கொண்டுவந்தார். அதில் மறுமணம் பற்றி ஒரு வரியும் இல்லை. முழுதும் அந்த ஒன்பது நாட்கள்.

வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மகளின் சம்மதத்தைப் பெற அவர் கனவைச் சான்றாகக் காட்டினார். மகளோ, “அம்மா உங்க கனவுலதானே வந்தாங்கப்பா, என் கனவுல வரலையே” என்று அழுதாள். பிள்ளைகளிடம் கனவை வாதமாக வைப்பது பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. தாயின் பெயரால் அவர்கள் வாய் அடைக்கப்படுகிறது. பின்னர் எங்கள் அறையில் மகளைச் சந்தித்தபோது, “எனக்குத் துணை வேண்டும் என்று தோன்றுகிறது, இது என் விருப்பம்” என்று அவரே சொன்னார். மகள் உடனே இசையவில்லை. அம்மாவின் படம் கூடத்திலேயே இருக்குமா, திதி எப்போதும்போல் நடக்குமா என்று கேட்டாள். பேசத்தக்க கேள்விகள் அவை. வரப்போகும் பெண்ணிடமும் முன்னரே பேசத்தக்கவை.

இதே அளவுகோலை எதிர்மாறான கனவுக்கும் பொருத்துங்கள். மனைவி முகம் திருப்பிக்கொண்டதாகக் கனவு கண்டு நல்ல வரனை மறுத்தவர்களும் எங்களிடம் வந்திருக்கிறார்கள். முடிவெடுக்கும் பொறுப்பை எந்தக் கனவின் மீதும் ஏற்ற வேண்டாம். “இக்கனவு வராமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று நாங்கள் கேட்பதும் அதனால்தான்.

சில நிலைகளில் காத்திராமல் மருத்துவரிடம் வர வேண்டும். இறந்தவர் “என்னோடு வா” என்று அழைப்பதாகக் கனவு வந்து, போய்விட்டால் நல்லது என்று பகலிலும் தோன்றுமானால் அன்றே வாருங்கள்; இரவானால் டெலிமானஸ் எண் 14416இல் எந்நேரமும் பேசலாம். விழித்திருக்கையில் ஒரு குரல் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தாலும் வர வேண்டும். கனவில் நடப்பதற்கேற்ப உறக்கத்தில் கைகால்களை வீசி அடித்துக்கொள்வது, குறிப்பாக ஐம்பதைக் கடந்த ஆண்களிடம், துயரத்தால் வருவதன்று. அது தனியே ஆராய வேண்டிய நரம்பியல் அறிகுறி. இறந்து ஓராண்டு கடந்தும் ஏக்கம் நாள்தோறும் குறையாமல் அன்றாட வேலைகளை முடக்கினால், அது நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம். அதற்கென்று பேச்சுவழிச் சிகிச்சை உண்டு.

இவருக்கு அந்தக் கோளாறு இருக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் மகளும் ஒருத்தி. அண்மையில் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு வந்தவரிடம், மனைவி மறுபடி கனவில் வந்தாரா என்று கேட்டோம். ஒரே ஒருமுறை வந்தாராம். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாராம்.