ஒரே கிடங்கு, மூன்று விடைகள்

ஆண்டு முடிவில் கிடங்கில் மிஞ்சியிருக்கும் சரக்கை எண்ணுவது எளிது. அதற்கு என்ன விலை போடுவது என்பதில்தான் சிக்கல். ஒரே பொருளை ஆண்டு முழுவதும் வெவ்வேறு விலைகளில் வாங்கியிருப்பார்கள். சிமெண்ட் போன்ற பொருளில் கடைசியில் மிஞ்சிய மூட்டை எந்த விலையில் வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே கணக்கியல் ஒரு அனுமானத்தை வைத்துக்கொள்கிறது. முதலில் வந்த சரக்குதான் முதலில் வெளியேறியது என்று கொள்வது ஒன்று. இது ஃபிஃபோ முறை. வந்த சரக்கெல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்று கொள்வது மற்றொன்று. இது எடையிட்ட சராசரி முறை. மூட்டைகள் உண்மையில் எந்த வரிசையில் லாரியில் ஏறின என்பதைப் பற்றி இரண்டுக்கும் கவலையில்லை. விலை போகும் வரிசைதான் இங்கே பேச்சு.

தேர்வில் இந்தக் கேள்வி பெரும்பாலும் தேதிவாரியான ஒரு பட்டியலாக வரும். ஒரு சிமெண்ட் மொத்த வியாபாரியின் ஏப்ரல் மாதக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 1ஆம் தேதி தொடக்க இருப்பு 200 மூட்டை, மூட்டை ₹300. 6ஆம் தேதி 300 மூட்டை ₹320 வீதம் கொள்முதல். 10ஆம் தேதி 350 மூட்டை விற்பனை. 18ஆம் தேதி 250 மூட்டை ₹336 வீதம் கொள்முதல். 25ஆம் தேதி 300 மூட்டை விற்பனை. மீதி 100 மூட்டை. விற்பனை விலை எல்லாவற்றுக்கும் ₹380. இந்தக் கடைசி எண் சரக்கேட்டுக்குள் வரவே கூடாது. லாபம் கணக்கிடும்போது மட்டும்தான் அதற்கு வேலை. ஆனாலும் விற்பனை வரிசையில் ₹380 போட்டுப் பெருக்கிவிடுகிறவர்கள் உண்டு.

முதலில் ஃபிஃபோ. 10ஆம் தேதி வெளியேறிய 350 மூட்டையில் 200 பழைய இருப்பிலிருந்து ₹300 வீதம் போகின்றன; மீதி 150 புதிய கொள்முதலிலிருந்து ₹320 வீதம். அடக்க விலை ₹60,000 உடன் ₹48,000 சேர்ந்து ₹1,08,000. கையில் இருப்பது ₹320 மூட்டை 150. 18ஆம் தேதி சரக்கு வந்த பிறகு இருப்புப் பத்தியில் இரண்டு வரிகள் நிற்கும்: ₹320 வீதம் 150, ₹336 வீதம் 250. இவற்றைக் கூட்டி ஒரே வரியாக எழுதினால் முறையே கெட்டுவிடும். 25ஆம் தேதி 300 மூட்டைக்கு அந்த 150ஐ முதலில் தீர்த்து, மீதி 150ஐ ₹336இல் எடுக்க வேண்டும், தொகை ₹98,400. மிஞ்சிய 100 மூட்டையும் கடைசிக் கொள்முதல் விலையில் ₹33,600. விற்றதன் அடக்க விலை மொத்தம் ₹2,06,400.

அடுத்து, ஒவ்வொரு கொள்முதலுக்குப் பிறகும் சராசரியைப் புதிதாகக் காணும் முறை. 6ஆம் தேதி 500 மூட்டைக்கு ₹1,56,000. ஒரு மூட்டை ₹312. 10ஆம் தேதி விற்பனை இந்த விலையில் ₹1,09,200. மீதி 150 மூட்டையின் மதிப்பு ₹46,800. விற்பனை நடந்ததால் சராசரி மாறாது, சரக்கு வந்தால்தான் மாறும். 18ஆம் தேதி ₹84,000 மதிப்புள்ள 250 மூட்டை சேர்ந்ததும் மொத்தம் 400 மூட்டை, ₹1,30,800; புதிய சராசரி ₹327. 25ஆம் தேதி விற்பனை ₹98,100. இறுதி இருப்பு ₹32,700.

மாணவர்கள் சறுக்குவது ₹327இல்தான். ₹312ஐயும் ₹336ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து ₹324 என்று எழுதிவிடுவார்கள். 150 மூட்டைக்கும் 250 மூட்டைக்கும் சம இடம் கொடுத்தால் அது வெறும் சராசரி. அளவுக்கு எடை கொடுப்பதால்தான் இந்த முறைக்கு அந்தப் பெயர். தவறு நடந்ததா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. தொடக்க இருப்பும் கொள்முதலும் சேர்ந்த ₹2,40,000, விற்றதன் அடக்க விலையும் இறுதி இருப்பும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வேண்டும். ₹324 போட்டால் இரண்டாவது விற்பனை ₹97,200, இறுதி இருப்பு ₹32,400. முதல் விற்பனையையும் சேர்த்தால் ₹2,38,800தான் வரும். காணாமல் போன ₹1,200 தவறைக் காட்டிக்கொடுக்கிறது. சரியான விடையில் ₹2,07,300 உடன் ₹32,700 சேர்ந்து ₹2,40,000 கச்சிதமாக வரும். ஆனால் இந்தச் சோதனை எல்லாத் தவறையும் பிடிக்காது. ஃபிஃபோவில் மூட்டைகளை வரிசை மாற்றி எடுத்தாலும் மொத்தம் சரியாகவே நிற்கும்.

மூன்றாவது விடை வருவது, விற்பனைதோறும் கணக்கு எழுதாமல் மாத முடிவில் மட்டும் சரக்கை எண்ணுகிற வியாபாரியிடமிருந்து. அவர் ₹2,40,000ஐ மொத்தம் 750 மூட்டையால் வகுத்து ₹320 காண்பார். இறுதி இருப்பு ₹32,000. ஃபிஃபோவில் இந்த வேறுபாடு எழாது. மாத முடிவில் எண்ணினாலும், தினமும் எழுதினாலும், மிஞ்சியவை கடைசியாக வந்தவையே, விடை ₹33,600தான். சராசரியில் அப்படியல்ல. 10ஆம் தேதி விற்ற மூட்டைக்கு 18ஆம் தேதி விலையும் கலந்துவிடுவதால் எண் மாறுகிறது. இந்தியாவின் கணக்கியல் தரநிலை 2 இரண்டு வகைச் சராசரியையும் ஏற்கிறது. எனவே கேள்வியில் தொடர் இருப்பு முறையா, காலமுறை இருப்பு முறையா என்று சொல்லியிருக்கும் வார்த்தையைத் தேடிப் பார்க்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

650 மூட்டைக்கு விற்பனை வருவாய் ₹2,47,000. மொத்த லாபம் ஃபிஃபோவில் ₹40,600, நகரும் சராசரியில் ₹39,700, மாத சராசரியில் ₹39,000. விலை ஏறிக்கொண்டிருந்ததால் ஃபிஃபோ அதிக லாபம் காட்டுகிறது. பழைய மலிவு விலைகள் செலவாகவும் புதிய விலைகள் இருப்பாகவும் நிற்கின்றன. விலை இறங்கும் மாதத்தில் இது தலைகீழாகும். ஃபிஃபோ எப்போதும் கூடுதல் லாபம் தரும் என்று மனப்பாடம் செய்தவர்களைச் சிக்கவைக்கவே சில கேள்விகளில் இறங்குமுக விலைகள் வருகின்றன.

இத்துடன் கணக்கு முடிவதில்லை. அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதுவே இறுதி இருப்பின் மதிப்பு. மாத முடிவில் சந்தை சரிந்து மூட்டை ₹325க்குத்தான் விற்கும் என்ற நிலை வந்தால், 100 மூட்டையின் மதிப்பு ₹32,500. ஃபிஃபோவின் ₹33,600, நகரும் சராசரியின் ₹32,700 இரண்டும் அதற்கு இறங்கும். மாத சராசரியின் ₹32,000 ஏற்கெனவே கீழே இருப்பதால் அப்படியே நிற்கும்.

கடைசியாக வந்தது முதலில் வெளியேறும் என்ற லிஃபோ முறை பழைய வினாத்தாள்களில் இருக்கும். இந்தியத் தரநிலையில் 1999இல் அது கைவிடப்பட்டது. சர்வதேசத் தரநிலையில் 2003 திருத்தம் அதை நீக்கியது. அமெரிக்காவில் இன்னும் அனுமதி உண்டு. முறையைச் சொல்லாத கேள்வி வந்தால், எந்த முறையை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.